எழுத்துப்படி பேசுகிறவள்

திரௌபதி எப்படிப் பேசுவாள் என்று எழுதிக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. எழுதினால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். எழுத்தில் இருப்பதை இருக்கிறபடியே பேசுகிறவள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான். அதனாலேயே அவள் பேச்சு யாருக்கும் ஒட்டவில்லை.

என் பெயர் சிவசங்கரி. விருத்தாசலத்தில் பேச்சு வராத குழந்தைகளுக்கும், தாமதமாக வருகிற குழந்தைகளுக்கும் வாரத்தில் மூன்று நாள் பயிற்சி தருகிறேன். பதினாறு வருஷமாக இதே வேலை. ஒரு குழந்தை உள்ளே வந்து நாற்காலியில் ஏறி உட்காருவதற்குள் என்ன குறை என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிரால் ஒரு தாய் தன் குழந்தையை இழந்திருப்பாள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திரௌபதிக்கு முப்பத்து நான்கு வயது. ஒன்றரை வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போய்விட்டன. ஆறு வயதில் வேறு ஊரில் காது கேளாதோர் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அந்தப் பள்ளியில் கையால் சைகை காட்டினால் அடி விழும். வாயால்தான் பேச வேண்டும். கரும்பலகையில் டீச்சர் ஓர் எழுத்தை எழுதுவார். பிள்ளைகள் கண்ணாடி முன் உட்கார்ந்து அவர் வாயையும் தங்கள் வாயையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். 'ப' சொன்னால் உதட்டுக்கு முன் பிடித்த காகிதத் துண்டு ஆட வேண்டும். 'ம' சொன்னால் மூக்கு அதிர வேண்டும். இப்படிப் பதினெட்டு மெய்யைப் பிடித்துவிட்டால், பன்னிரண்டு உயிரோடு அவற்றைச் சேர்த்து இருநூற்றுப் பதினாறு உயிர்மெய்யும் வந்துவிடும். தமிழ் எழுத்து செவிடருக்காகவே செய்தது போல இருக்கிறது என்று அந்த டீச்சர் சொல்வாராம். திரௌபதி தடுமாறிய ஒரே இடம் 'கெ'. கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. அதற்கும் பத்து நாளில் பழகிவிட்டாள். வகுப்பில் அவள்தான் முதல்.

ஆனால் எழுத்தைத் தனியாகச் சொல்லிப் பழகும்போது, அது வார்த்தையின் முதலில் எப்படி ஒலிக்குமோ அப்படித்தான் வாயில் ஏறும். 'கல்' என்பதில் வருகிற க வேறு, 'தங்கம்' என்பதில் வருகிற க வேறு, 'நகம்' என்பதில் வருவது இன்னும் வேறு. காது கேட்கிற நமக்கு இது வேறு வேறு என்றே தெரியாது. எந்த இடத்தில் எது வரும் என்று நாக்குக்குத் தெரியும், அதனால் எழுத்து ஒன்றே போதும் என்று விட்டுவிட்டோம். திரௌபதிக்குக் கிடைத்தது எழுத்து மட்டும்தான். தங்கத்தில் வருகிற க-வையும் கல்லில் வருகிற க-வாகவே சொன்னாள். பந்து, வண்டி, தம்பி எல்லாவற்றிலும் அப்படியே. 'தலை' என்றால் கடைசி ஐ முழுசாக வரும். 'பாட்டு' என்றால் கடைசி உ உதடு குவிந்து வரும். நாம் பாதியில் விழுங்குகிற எதையும் அவள் விழுங்குவதில்லை. வார்த்தைகளும் புத்தக வார்த்தைகள்தான். 'சாப்பிட்டுவிட்டு வருகிறேன்' என்பாள். 'சாப்டுட்டு வரேன்' என்று அவள் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை.

பள்ளி முடிந்து ஊருக்கு வந்தபோது இந்தத் தமிழைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பது கண்ணுக்குத் தெரியும், அதற்குக் காது வேண்டியதில்லை. அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் பொம்மை கம்பெனியில் வேலை கிடைத்தது. அச்சில் வார்த்த பொம்மை காய்ந்ததும் ஓரத்தில் பிசிறு நிற்கும், அதைக் கத்தியால் சுரண்டி ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். பக்கத்தில் மண் அரைக்கிற மெஷின் நாள் முழுக்க ஓடும். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது என்பதால் அங்கே அவளுக்கு நிம்மதி.

அங்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்த குருமூர்த்தி அவளை விரும்பிக் கட்டிக்கொண்டார். நல்லூர்க்காரர். அவர் வாயை அவள் கண்ணால் படிப்பாள், அவள் பேச்சை அவர் பழகிக்கொண்டார். நான்கு வருஷம் நன்றாக இருந்தார்கள். கம்மாபுரம் ரோட்டில் ஒரு மழை நாளில் வண்டி சறுக்கி அவர் போய்ச் சேர்ந்தபோது மகளுக்குப் பதினோரு மாதம். குழந்தைக்குத் தென்றல் என்று பெயர் வைத்தது அவர்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேசுகிற வாய் ஒன்றே ஒன்றுதான். திரௌபதி குழந்தையோடு மட்டும் நிறையப் பேசினாள். சிரிக்காத ஒரே ஆள் அதுதானே. வேலைக்கும் கூடவே தூக்கிப் போவாள். மெஷின் இரைச்சலில், சாக்கு விரித்த மூலையில் குழந்தை வளர்ந்தது. வீட்டில் டிவி இல்லை. இருந்தாலும் அவளுக்கு எதற்கு என்று யாரும் வாங்கித் தரவில்லை.

மூன்றரை வயதில் அங்கன்வாடியில் சேர்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பிள்ளை என்னமோ மாதிரி பேசுகிறது, தன் பெயரையே சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்றார்கள். தென்றல் என்பதில் ன-வுக்கும் ற-வுக்கும் நடுவே நாம் எல்லாரும் ஒரு 'ட' போல ஒட்டிச் சொல்கிறோம். அது எழுத்தில் இல்லை, குழந்தை வாயிலும் இல்லை. அங்கன்வாடியிலிருந்து என்னிடம் அனுப்பினார்கள்.

குருமூர்த்தியின் அக்கா ஆண்டாள் நல்லூரிலிருந்து கூட வந்திருந்தார். தாய் ஓரமாக நின்றாள். தாய்க்குக் காது கேட்காது என்று ஆண்டாள் சொன்னதும், நான் அவளிடம் கேட்க வேண்டியதையெல்லாம் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவளும் தாளிலேயே பதில் எழுதினாள். ஒரு பிழை இல்லாத, அச்சடித்த மாதிரி கையெழுத்து. அவள் பேசுவாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் வாயைத் திறக்க நான் இடமே கொடுக்கவில்லை. குழந்தையிடம் பத்துப் படங்களைக் காட்டினேன். வண்டி, தங்கம் என்று தொண்டை அதிர்ந்து வர வேண்டிய ஒலி அதிராமல் வந்தது. தாய் செவிடு, குழந்தைக்குப் பேச்சில் கோளாறு. அரை மணி நேரத்தில் சீட்டு எழுதிவிட்டேன்: 'செவித்திறன் குறைவு இருக்கலாம். பரிசோதனைக்கு அனுப்பவும்.' கடலூரில் பரிசோதனைக்கு மூன்று வாரம் கழித்துத் தேதி கிடைத்தது.

அந்தச் சீட்டை ஆண்டாள் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் தனியாக வந்தார். கெட்டவர் இல்லை. தம்பியைப் பறிகொடுத்தவர், அவன் நினைவாக மிஞ்சியிருப்பது அந்தக் குழந்தைதான்.

"எங்க தம்பி புள்ளைய ஊமையா வளர வுட முடியாதுங்க மேடம். அது தாயிக்குக் கேக்காது, இதுக்கும் கேக்கலன்னா அந்த வூட்ல கெடந்து என்னாவும்? எங்க வூட்ல நாலு பேரு பேசுறோம். நான் இட்டுனு போயி ஸ்கூல்ல சேத்து வளக்கறேன். நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுங்க, அவ கேப்பா."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தபோது அவர் சொல்வது சரி என்றுதான் எனக்குப் பட்டது.

திரௌபதிக்கு நாத்தனாரின் எண்ணம் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து வேலை உடுப்போடு, கையில் காய்ந்த வெள்ளை மண்ணோடு, குழந்தையை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் தாளை எடுத்தேன். அவள் தாளைத் தள்ளிவிட்டு வாயால் பேசினாள்.

"என் குழந்தைக்குக் காது கேட்கிறது. நான் கூப்பிட்டால் திரும்புகிறது. அவளை என்னிடமிருந்து எடுக்க வேண்டாம்."

அவள் சொன்னதன் பொருளைக் கேட்க வேண்டியவள், நான் அதன் ஒலியைக் கேட்டேன்.  மூன்று நாள் முன்பு அந்தச் சின்ன வாயிலிருந்து கேட்ட அதே பேச்சு.

பட அட்டைகளை எடுத்துத் தாயின் முன் வைத்து, ஒவ்வொன்றையும் சொல்லச் சொன்னேன். பிறகு அதே படங்களைக் குழந்தையைச் சொல்லச் சொன்னேன். கல், பக்கம், தட்டு, அப்பா: இருவருக்கும் சரி. தங்கம், வண்டி, இஞ்சி, நகம்: இருவருக்கும் தப்பு. பாம்பு என்பதில் முதல் ப சரி, இரண்டாவது ப தப்பு. ஒரே வார்த்தைக்குள் ஓர் எழுத்து ஓரிடத்தில் சரியாகவும் இன்னோரிடத்தில் தப்பாகவும், ஒவ்வொரு தடவையும் அதே இடத்திலும் வருகிறது. காது மந்தமான குழந்தைக்கு இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்யத் தெரியாது. கடைசியாக பஸ் படத்தைக் காட்டினேன். வார்த்தையின் முதல் எழுத்துதான், ஆனால் வெளியிலிருந்து வந்த வார்த்தை. அதன் ஒலிக்குத் தமிழில் தனி எழுத்து இல்லாததால் ப போட்டு எழுதுகிறோம். தாயும் மகளும் அதைப் பாம்பின் முதல் ப-வாகச் சொன்னார்கள்.

தென்றலுக்குக் காது மிக நன்றாகக் கேட்டது. அவள் ஒரே ஒரு ஆளைக் கேட்டு, அந்த ஆளிடமிருந்து ஒன்றுவிடாமல் கற்றிருந்தாள். கற்றது நம் தமிழ் அல்ல, எழுத்தின் தமிழ்.

இதைத் தாய்க்கு எப்படிச் சொல்வது? உதட்டைப் பார்த்தால் இரண்டு க-வும் ஒன்று போலத்தான் இருக்கும். அவள் கையை எடுத்து என் தொண்டையில் வைத்து 'தங்கம்' என்றேன். தொண்டை விடாமல் அதிரும். பிறகு கையை அவள் தொண்டைக்கு மாற்றி அவளையே சொல்லச் சொன்னேன். க வந்த இடத்தில் அதிர்வு அறுந்து மறுபடி வந்தது. நான்கைந்து தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். முகம் கறுத்தது.

"எழுத்து ஒன்றுதானே? ஏன் இரண்டு ஒலி?"

கேட்கிறவர்களுக்குத் தானாகவே வந்துவிடுவதால் யாரும் அதைத் தனியாக எழுதவில்லை என்று எழுதிக் காட்டினேன். அதை இரண்டு தடவை படித்தாள். பள்ளியில் சொல்லித்தந்திருக்கலாம், எழுத்தில் இல்லாதது தன் மனதில் நிற்கவில்லை போல என்றாள். அதன் பிறகு, "அவரும் சொல்லவில்லை," என்றாள். கணவரைத்தான் சொன்னாள். நான்கு வருஷம் அந்தத் தமிழைக் கேட்டுக்கொண்டே இருந்த மனிதர் ஒருநாளும் திருத்தவில்லை.  என் பழைய சீட்டைப் பற்றிச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்று எழுதக் கை வருகிறது, அவள் விஷயத்தில் அதையும் எழுத முடியாது.

கடலூரிலிருந்து வந்த முடிவில் இரண்டு காதும் குறையில்லை என்றிருந்தது. ஆண்டாளிடம் காட்டினேன். அவர் மனம் இறங்கவில்லை. காது கேட்கிறது என்றால் இன்னும் நல்லது, அப்படியானால் பேசுகிற வீட்டில்தான் வளர வேண்டும் என்றார். அதிலும் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம். ஏழு மாதம் தவணை கேட்டேன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குழந்தை மற்றவர்கள் போலப் பேசினால் தாயிடம் இருக்கட்டும், இல்லையென்றால் நல்லூருக்கு அனுப்ப நானே எழுதித் தருகிறேன் என்றேன். திரௌபதி அந்த ஒப்பந்தத்தைப் படித்துத் தலையாட்டினாள்.

குழந்தைக்குத் தேவை மருந்து அல்ல, பேச்சுச் சத்தம். தினமும் இரண்டு மூன்று மணி நேரம் நாலு பேர் பேசுகிற இடத்தில் அது இருக்க வேண்டும். எதிர் வீட்டில் சுல்தான் பீவி இருந்தார். மகன் ஃபாயிஸ் துபாயில், மருமகளும் பேத்தி சனாவும் இங்கே. நாள் முழுக்க ஆள் வந்து போகிற வீடு. ஐந்து வருஷமாக எதிரே இருந்தும் திரௌபதி அந்த வாசல்படி ஏறியதில்லை. சிரிப்பார்களோ என்ற பயம்தான். இப்போது போக வேண்டியிருந்தது. நான் போய்க் கேட்டபோது சுல்தான் பீவி, "இதக் கேக்கவா இம்புட்டு தூரம் வந்தீங்க, புள்ளைய வுடச் சொல்லுங்க," என்று முடித்துவிட்டார்.

பிள்ளையை மட்டும் விட்டுவிட்டு வர அது ஒத்துக்கொள்ளவில்லை, அழுதது. அதனால் திரௌபதியும் தினமும் வேலை முடிந்து அங்கே போய் உட்கார்ந்தாள். ஒரு தடவை நானும் போயிருந்தேன். கூடத்தில் ஐந்தாறு பெண்கள் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒருத்தி வாயைப் படிப்பதற்குள் இன்னொருத்தி ஆரம்பித்துவிடுவாள். எல்லாரும் சிரித்த பிறகு அவளும் சிரிப்பாள், எதற்கென்று தெரியாமல். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, மடியில் இருந்த குழந்தை மெல்ல இறங்கிச் சனா பக்கம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மெஷின் பக்கத்தில் இருந்தபோது அவள் தனியாக இருந்தாள், ஆனால் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். இங்கே அவள் மட்டும்தான் தனி. ஏழு மாதம், ஒருநாள் விடாமல் போய் அப்படி உட்கார்ந்தாள்.

நான்கு மாதத்தில் குழந்தையின் பேச்சு இளகியது. முதலில் 'வண்டி', பிறகு 'தம்பி'. ஆறாவது மாதம் 'வூட்டுக்குப் போலாம் வா' என்று சனாவை அதட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை என்னிடம் வரும்போதும் திரௌபதி மகள் தொண்டையில் கை வைத்துப் பார்ப்பாள். அதிர்வு அறாமல் ஓடினால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள். ஒரு நாள் அப்படிக் காட்டிவிட்டு, "இனி நான் பேசுவதைக் கேட்டு அவளும் சிரிப்பாளா?" என்று கேட்டாள். 

ஜூன் முதல் வாரம் தவணை முடிந்தது. ஆண்டாள் காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார். கையில் குழந்தைக்குப் புதுப் பாவாடை. குழந்தையைக் கூட்டிப்போகத் தயாராகத்தான் வந்திருந்தார். தென்றலை எதிரில் நிறுத்திப் பெயர் கேட்டார். நம்மைப் போலவே சொன்னது. என்ன சாப்பிட்ட என்று கேட்டார். சனா வீட்டில் சேமியா தின்றது, சனாவின் பூனை குட்டி போட்டது, ஒன்று கறுப்பு என்று நிறுத்தாமல் பேசியது. ஆண்டாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பி மாதிரியே பேசுகிறது என்றார்.

அப்போது குழந்தை ஓடிப்போய் ஓரத்தில் நின்ற தாயின் சேலையை இழுத்தது. தாய் குனிந்தாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்து, "அம்மா, எனக்குத் தண்ணீர் வேண்டும்," என்றது.

அந்தப் பழைய பேச்சு. தண்ணீர் முழுசாக, 'வேண்டும்' என்பதில் ட இறுகி, எழுத்து எழுத்தாக. ஆண்டாள் முகம் மாறிவிட்டது.

"பாருங்க மேடம். இன்னும் அப்படியேதான் இருக்குது."

 குழந்தையைக் கூப்பிட்டு, அத்தையிடம் தண்ணி கேள் என்றேன். திரும்பி, "அத்த, தண்ணி வேணும்," என்றது. அம்மாவிடம் கேள் என்றேன். மறுபடி அந்தப் பேச்சு. ஏன் இரண்டு விதமாகக் கேட்கிறாய் என்றேன். இது கூடத் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தது.

"அம்மாவோடது வேற."

யாருமே அதற்கு அதைச் சொல்லித்தரவில்லை. அந்தப் பேச்சு தாய்க்குக் கேட்காது என்பதும் அதற்குத் தெரியும். ட இறுகுவதும் இளகுவதும் உதட்டில் தெரியாது. இருந்தும் தாயோடு பேச ஒரு தமிழ் இருக்கிறது, அதை மாற்றக் கூடாது என்று நாலே கால் வயதுக் குழந்தை தானாக முடிவு செய்திருந்தது. ஆண்டாள் பாவாடையை மடியில் மடித்து வைத்தார். பள்ளிக்கூடத்துக்கு இதையே போட்டு அனுப்பச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொன்னார்.

திரௌபதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் மூன்று பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள், பிள்ளை போய்விட்டது என்றே நினைத்திருப்பாள். நான் தாளை எடுத்து எழுதினேன்: 'குழந்தை உங்களிடம்தான் இருக்கும். எல்லாரிடமும் எல்லாரையும் போலப் பேசுகிறாள். உங்களிடம் மட்டும் உங்களைப் போலப் பேசுகிறாள்.'

முதல் வரியை வாசித்து மூச்சுவிட்டாள். அடுத்ததை விரல் வைத்துப் படித்தாள். கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது. பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நான் ஒருத்திதான் என்று நினைத்தேன்," என்றாள்.